பதிலுக்குக் காத்திருக்கும் எண்கள்

2003-ஆம் ஆண்டு ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு ஒரு நிரலாக்கப் போட்டி நடத்தியது. அதில் H என்ற எழுத்திட்ட கணக்கு, பார்ப்பதற்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கான புதிர் போலத்தான் இருக்கும். ஒரே அகலமுள்ள தூண்கள் ஒரே தரைமட்டத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. உயரம் மட்டும் ஆளுக்கு ஒன்று. புள்ளிவிவரப் பாடத்தில் ஹிஸ்டோகிராம் என்று வரைவோமே, அதே படம்தான். இந்தத் தூண்களுக்கு வெளியே எட்டிப்பார்க்காமல், அவற்றுக்குள்ளேயே அடங்கும் மிகப் பெரிய செவ்வகத்தின் பரப்பளவு எவ்வளவு? இதுதான் கேள்வி.

கேள்வியோடு ஒரு மாதிரியும் கொடுத்திருந்தார்கள். ஏழு தூண்கள், உயரம் இடமிருந்து வலமாக 2, 1, 4, 5, 1, 3, 3. ஒரு தாளில் கட்டம் கட்டி வரைந்தால் விடை கண்ணுக்கே தெரிந்துவிடும். 4, 5 என்ற இரண்டு தூண்களையும் சேர்த்துப் பிடித்தால் உயரம் 4, அகலம் 2, பரப்பு 8. அதைவிடப் பெரியது இல்லை.

சிக்கல் ஏழு தூண்களில் இல்லை. போட்டியில் தூண்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் வரை போகலாம் என்றும், ஒவ்வொன்றின் உயரமும் நூறு கோடி வரை இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அங்கே கண் உதவாது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்போம் என்று இறங்கினால், செவ்வகம் எந்தத் தூணில் தொடங்கி எந்தத் தூணில் முடிகிறது என்ற இணைகள் மட்டுமே ஏறத்தாழ 500 கோடி வரும். கணினி நொடிக்கு முப்பது கோடி எளிய படிகளைச் செய்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். போட்டிகளில் அவ்வளவு நேரம் தர மாட்டார்கள்.

கொஞ்சம் யோசிப்பவர்களுக்கு உடனே ஒரு குறுக்குவழி தோன்றும். இருப்பதிலேயே குட்டையான தூணைக் கண்டுபிடி. முழு அகலத்துக்கும் அந்த உயரத்தில் ஒரு செவ்வகம் கிடைக்கும். பிறகு அந்தத் தூணின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, அங்கேயும் இதையே செய். வழி சரிதான், விடையும் தவறாது. ஆனால் தூண்கள் 1, 2, 3, 4 என்று ஏறிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் குட்டைத் தூண் ஓரத்திலேயே நிற்கும். பிரிப்பதால் ஒரு தூண்தான் குறையும். மீதி எல்லாவற்றையும் திரும்பத் தேட வேண்டும். பழைய 500 கோடிக்கே திரும்பி வந்துவிடுவோம்.

ஒரே ஒரு முறை இடமிருந்து வலமாக நடந்து இதை முடிக்க முடியும். அந்த வழியைப் புரிந்துகொள்ள, தூண்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, இதைவிட எளிய இன்னொரு கேள்வியைப் பார்ப்பது நல்லது.

ஒரு வாரத்தின் பகல்நேர வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். திங்கள் 37 டிகிரி, செவ்வாய் 36, புதன் 34, வியாழன் 35, வெள்ளி 38, சனி 33, ஞாயிறு 36. ஒவ்வொரு நாளுக்கும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நாளுக்குப் பிறகு, இதைவிடச் சூடான முதல் நாள் எது? நிரலாளர்கள் இதை ‘நெக்ஸ்ட் கிரேட்டர் எலிமென்ட்’ என்பார்கள். அதாவது வலப்பக்கத்தில் தன்னைவிடப் பெரிய முதல் எண். வாரத்திலேயே அதிகச் சூடான நாளை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புதனின் 34-க்கு விடை வியாழனின் 35. அதற்கடுத்த நாளே 38 வருகிறது என்பது புதனுக்குத் தேவையில்லாத சங்கதி.

பெரும்பாலோர் முதலில் எழுதும் நிரல், ஒவ்வொரு நாளிலும் நின்று முன்னோக்கித் தேடும். திங்களில் நின்று செவ்வாய், புதன், வியாழன் என்று பார்த்துக்கொண்டே போய் வெள்ளியில் விடை காணும். பிறகு செவ்வாய்க்கு வந்து அதே புதன், வியாழன், வெள்ளியை மறுபடியும் பார்க்கும். வெயில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் பட்டியல் என்றால் யாருக்கும் விடையே கிடைக்காது. ஒவ்வொருவரும் கடைசி வரை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். ஒரு லட்சம் நாளுக்கு இங்கும் அதே 500 கோடிதான்.

இந்தத் தேடலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ‘என் விடை எங்கே’ என்று யாரும் முன்னோக்கி ஓட வேண்டாம். எல்லோரும் இருந்த இடத்திலேயே காத்திருக்கட்டும். புதிதாக வரும் ஒவ்வொரு நாளும், காத்திருப்பவர்களில் யாருக்கெல்லாம் தான் விடை என்று பார்த்து, அவர்களை அனுப்பிவைக்கட்டும்.

நடத்திப் பார்ப்போம். திங்கள் 37 வருகிறது, கேள்வியோடு காத்திருக்கிறது. செவ்வாய் 36 வருகிறது. 37-ஐவிடக் குறைவு என்பதால் திங்களுக்கு அது விடை ஆகாது. தானும் சேர்ந்து காத்திருக்கிறது. புதன் 34-ம் அப்படியே. இப்போது காத்திருப்பவை 37, 36, 34. வியாழன் 35 வருகிறது. கடைசியாக வந்த 34-ஐப் பார்க்கிறது, தான் பெரிது. ஆகவே புதனுக்கு விடை வியாழன் என்று எழுதிவிட்டுப் புதனை வெளியே அனுப்புகிறது. அடுத்து 36. தான் அதைவிடச் சிறிது. அங்கேயே நின்றுவிடுகிறது. 37-ஐப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காத்திருப்பவை இப்போது 37, 36, 35.

ஏன் அவசியமில்லை? காத்திருக்கும் எண்களைப் பாருங்கள்: எப்போதும் இறங்குவரிசையிலேயே இருக்கின்றன. யாரும் அவற்றை வரிசைப்படுத்தவில்லை. ஒரு சிறிய எண் முன்னே காத்திருக்க, அதற்குப் பின் ஒரு பெரிய எண் வந்து சேர்ந்தது என்றால், அந்தப் பெரிய எண்ணே சிறியதற்கு விடையாகி அதை அனுப்பியிருக்கும். ஆகையால் சிறியதற்குப் பின்னால் பெரியது காத்திருக்கும் நிலை வரவே வராது. கடைசியாக வந்ததுதான் இருப்பதிலேயே சிறியது. புதியவர் அதையே தாண்ட முடியவில்லை என்றால் மற்றவர்களைத் தாண்டவே முடியாது.

வெள்ளி 38 வரும்போது காட்சி மாறுகிறது. 35, 36, 37 மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விடை பெற்றுப் போகின்றன; வெள்ளி மட்டும் காத்திருக்கிறது. சனி 33 வந்து சேருகிறது. ஞாயிறு 36 வந்து சனியை அனுப்புகிறது. 38-க்கு முன் நின்றுவிடுகிறது. வாரம் முடிந்தது. வெள்ளியும் ஞாயிறும் இன்னும் காத்திருக்கின்றன. அவற்றுக்கு இந்தப் பட்டியலில் விடை இல்லை. நிரலில் அதற்கு −1 என்று குறித்துவைப்பது வழக்கம்.

கடைசியாகச் சேர்ந்தவரை மட்டுமே பார்க்கலாம், அவரை எடுத்த பிறகுதான் அவருக்கு முந்தையவர் தெரிவார் என்ற இந்த ஏற்பாட்டுக்குக் கணினித் துறையில் ஸ்டாக் என்று பெயர். சேர்ப்பதும் எடுப்பதும் ஒரே முனையில், அதாவது உச்சியில். உள்ளே இருப்பவை எப்போதும் ஒரே திசையில் இறங்கியோ ஏறியோ இருக்குமாறு பார்த்துக்கொண்டால் அது மோனோடோனிக் ஸ்டாக். பெயர்தான் மிரட்டும், தனியான கருவி ஒன்றும் இல்லை. சாதாரண ஸ்டாக்கோடு ‘புதியவர் வந்தால் யார் யாரை அனுப்ப வேண்டும்’ என்ற ஒரு விதி சேர்ந்தால் அதுதான்.

இதன் வேகத்தைப் பற்றி ஒரு சந்தேகம் வரும்; வரவும் வேண்டும். நிரலாக எழுதினால் ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று இருக்கும். வெளியே ஒவ்வொரு நாளாக நடக்கும் சுற்று. உள்ளே காத்திருப்பவர்களை அனுப்பும் சுற்று. சுற்றுக்குள் சுற்று என்றால் ஒரு லட்சத்தை ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டாமா? நேர்முகத் தேர்வுகளில் இந்த நிரலைச் சரியாக எழுதிவிட்டு, இந்த ஒரு கேள்வியில் தடுமாறுகிறவர்கள் உண்டு.

எண்ண வேண்டியது சுற்றுகளை அல்ல, நாள்களை. ஒவ்வொரு நாளும் ஸ்டாக்கில் ஒரே ஒரு முறை சேர்கிறது. வெளியேறினால் ஒரே ஒரு முறை வெளியேறுகிறது; போனது திரும்பி வராது. ஆக, ஒரு லட்சம் நாளுக்கு ஒரு லட்சம் சேர்ப்பு, அதிகபட்சம் ஒரு லட்சம் வெளியேற்றம். வெள்ளிக்கிழமை போல் ஏதோ ஒரு நாளில் பலர் ஒரே நேரத்தில் வெளியேறலாம். அன்று வேலை அதிகம்தான். ஆனால் அத்தனை பேர் வெளியேற வேண்டுமானால் அத்தனை பேர் முன்பே ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒப்பீடுகளையும் சேர்த்துக்கொண்டாலும் மொத்தம் சில லட்சம் படிகளில் முடிந்துவிடும். தனித்தனிப் படியின் உச்சச் செலவைப் பார்க்காமல், முழு ஓட்டத்தின் செலவையும் கூட்டிப் பார்க்கும் இந்தக் கணக்குமுறையை முறையாக வகுத்துக் காட்டியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ராபர்ட் டார்ஜன். 1985-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, விளக்கத்தைத் தொடங்குவதே ஒரு ஸ்டாக்கில் சேர்ப்பது, எடுப்பது என்ற உதாரணத்தோடுதான்.

இனி தூண்களுக்குத் திரும்பலாம். வெப்பநிலைக்கும் செவ்வகத்துக்கும் என்ன உறவு?

மிகப் பெரிய செவ்வகத்தைக் கையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்விளிம்பு ஏதாவது ஒரு தூணின் உச்சியைத் தொட்டே ஆக வேண்டும். தொடவில்லை என்றால், அதை இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்தலாம்; பரப்பு கூடும்; அப்படியானால் அது மிகப் பெரியதே அல்ல. இந்தச் சின்ன வாதத்துக்குள் பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. 500 கோடி இணைகளைத் தேட வேண்டாம். தூணுக்கு ஒரு செவ்வகம் என்று ஒரு லட்சம் செவ்வகங்களைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு தூணிடமும், ‘உன் முழு உயரத்தை விட்டுக்கொடுக்காமல் இடத்திலும் வலத்திலும் எவ்வளவு தூரம் பரவ முடியும்’ என்று கேட்க வேண்டும்.

பரவுவதை எது தடுக்கும்? தன்னைவிடக் குட்டையான தூண். வலப்பக்கம் போகும்போது முதலில் எதிர்ப்படும் குட்டைத் தூண் வலது எல்லை. இடப்பக்கம் அப்படியே இடது எல்லை. நடுவில் இருக்கும் எல்லாமே குறைந்தபட்சம் தன் உயரமாவது இருப்பவை. வெப்பநிலையில் ‘தன்னைவிடப் பெரிய முதல் எண்’ என்று கேட்டோம். இங்கே ‘தன்னைவிடச் சிறிய முதல் எண்’. ஒப்பிடும் குறியைத் திருப்பிப் போட்டால் அதே ஸ்டாக் வேலை செய்யும். காத்திருப்பவை இப்போது கீழிருந்து மேலே ஏறுவரிசையில் இருக்கும். ஒரு குட்டைத் தூண் வந்தால் தன்னைவிட உயரமானவற்றை வெளியேற்றும்.

வலது எல்லைக்கு ஒரு நடை, இடது எல்லைக்கு எதிர்த்திசையில் இன்னொரு நடை என்று இரண்டு தடவை ஓட்டினாலும் கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஒரே நடையில் இரண்டு எல்லையும் கிடைக்கும் என்பதுதான் இந்த முறையின் அழகு என்று நான் நினைக்கிறேன். ஒரு தூண் வெளியேற்றப்படும் அந்தக் கணத்தில், அதை வெளியேற்றிய புதிய தூண்தான் அதன் வலது எல்லை. ஸ்டாக்கில் அதற்கு நேர் கீழே இருக்கும் தூண்தான் அதன் இடது எல்லை. காரணம், கீழே இருப்பது தன்னைவிடக் குட்டை. இரண்டுக்கும் நடுவே நின்ற தூண்கள் எல்லாம் ஏற்கனவே வெளியேறிவிட்டன. அவற்றில் எதுவும் இதைவிடக் குட்டையாக இருந்திருக்க முடியாது.

உல்ம் மாதிரியிலேயே ஓட்டிப் பார்ப்போம். தூண்களுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் 0-ஆம் இடத்தில் ஒரு சுவர் இருப்பதாகவும், வலது ஓரத்தில் 8-ஆம் இடத்தில் உயரமே இல்லாத ஒரு பொய்த்தூண் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பொய்த்தூண் எதற்கு என்பது கடைசியில் புரியும்.

முதல் தூண், உயரம் 2, காத்திருக்கிறது. இரண்டாம் தூணின் உயரம் 1. அது முதல் தூணை வெளியேற்றுகிறது. முதல் தூணுக்கு வலது எல்லை 2-ஆம் இடம், கீழே யாரும் இல்லாததால் இடது எல்லை 0-ஆம் இடத்துச் சுவர். எல்லைகள் இரண்டும் செவ்வகத்தில் சேராதவை. ஆகவே அகலம் 2 − 0 − 1, அதாவது 1. பரப்பு 2. இரண்டாம் தூண் ஸ்டாக்கில் சேருகிறது. மூன்றாவது (உயரம் 4), நான்காவது (உயரம் 5) இரண்டும் ஏறுமுகம் என்பதால் அப்படியே மேலே சேருகின்றன.

ஐந்தாம் தூண் வருகிறது, உயரம் 1. நான்காம் தூண் வெளியேறுகிறது: வலது எல்லை 5, கீழே இருப்பது 3, அகலம் 5 − 3 − 1 = 1, பரப்பு 5. அடுத்து மூன்றாம் தூண் வெளியேறுகிறது: வலது எல்லை 5, கீழே இருப்பது 2, அகலம் 5 − 2 − 1 = 2, உயரம் 4, பரப்பு 8. அகலம் எப்படி இரண்டானது என்று பாருங்கள். சற்று முன் வெளியேறிய நான்காம் தூணின் இடமும் இந்தச் செவ்வகத்துக்குள் வந்துவிட்டது. வெளியேறிய தூண் ஸ்டாக்கிலிருந்துதான் போயிற்று. அது நின்ற இடம், தன்னைவிடக் குட்டையான தூண்கள் பரவுவதற்குத் திறந்தே கிடக்கிறது.

இப்போது உச்சியில் இரண்டாம் தூண், உயரம் 1. வந்திருப்பதும் 1. சமம் என்பதால் வெளியேற்றாமல் மேலே சேருகிறது. ஆறாவதும் ஏழாவதும் உயரம் 3, அவையும் சேருகின்றன. ஸ்டாக்கில் இப்போது இருப்பவை 2, 5, 6, 7 என்ற இடங்கள். தூண்கள் தீர்ந்துவிட்டன; நான்கு பேர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பொய்த்தூண் தேவைப்படுகிறது. உயரம் 0 என்பதால் எல்லோரையும் அது வெளியேற்றும். ஏழாம் தூண்: அகலம் 8 − 6 − 1 = 1, பரப்பு 3. ஆறாம் தூண்: அகலம் 8 − 5 − 1 = 2, பரப்பு 6. ஐந்தாம் தூண்: அகலம் 8 − 2 − 1 = 5, உயரம் 1, பரப்பு 5. கடைசியாக இரண்டாம் தூண்: கீழே யாரும் இல்லை, அகலம் 8 − 0 − 1 = 7, பரப்பு 7. எல்லாவற்றிலும் பெரியது 8.

ஐந்தாம் தூணுக்கு வந்த அகலம் 5 என்பது கொஞ்சம் உறுத்தலாம். அதன் உண்மையான பரவல் ஏழு தூண்களும்தானே? ஆமாம். இரண்டாம் தூணும் அதே உயரம் என்பதால் அதையும் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஆனால் சம உயரத் தூண்கள் பல இருந்தால், அவற்றில் ஸ்டாக்கின் அடியில் இருப்பது வெளியேறும்போது முழு அகலமும் கணக்கில் வந்துவிடுகிறது. மற்றவற்றுக்குக் குறைத்துச் சொன்னதால் நஷ்டம் எதுவும் இல்லை. நமக்கு வேண்டியது பெரியது ஒன்றுதான். சமமானதையும் வெளியேற்றும்படி விதியை மாற்றினாலும் விடை மாறாது. அப்போது கடைசியாக வந்த சம உயரத் தூணுக்கு முழு அகலம் கிடைக்கும். வெப்பநிலைக் கேள்வியில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே 36-க்குப் பின் இன்னொரு 36 வந்து முதலாவதை வெளியேற்றினால், ‘அதைவிடச் சூடான நாள்’ என்று பொய்யான விடை பதிவாகிவிடும்.

பைத்தான் மொழியில் முழு நிரலும் இவ்வளவுதான். அதில் எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குவதால் இடது சுவரின் இடம் −1.

```python
def largest(h):
    h = h + [0]
    stack = [-1]
    best = 0
    for i in range(len(h)):
        while stack[-1] != -1 and h[stack[-1]] > h[i]:
            top = stack.pop()
            best = max(best, h[top] * (i - stack[-1] - 1))
        stack.append(i)
    return best
```

ஸ்டாக்கில் உயரத்தை வைக்காமல் இடத்தின் எண்ணை வைத்திருப்பதைக் கவனிக்கலாம். இடம் தெரிந்தால் உயரத்தைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். உயரம் மட்டும் தெரிந்தால் அகலத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பத்து வரிதான் என்றாலும் இதில் பிழை நுழையும் வாசல்கள் சில உண்டு. முதலாவது, பொய்த்தூணை மறப்பது. அப்போது கடைசி வரை காத்திருந்தவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். உல்ம் போட்டியின் இரண்டாவது மாதிரி, நான்கு தூண்கள், நான்கும் உயரம் 1000. சரியான விடை 4000. பொய்த்தூண் இல்லாத நிரலில் யாரும் யாரையும் வெளியேற்றாததால் விடை 0 என்று வரும். அந்த மாதிரியைப் போட்டவர் இந்தப் பிழையை மனத்தில் வைத்துத்தான் போட்டாரோ என்று தோன்றும்; கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

இரண்டாவது பிழை கொஞ்சம் தந்திரமானது. வெளியேறும் தூணின் சொந்த இடத்திலிருந்து வலது எல்லை வரை மட்டும் அகலத்தை எண்ணிவிடுவது. ‘இந்தத் தூண் இங்கேதானே நிற்கிறது, இங்கிருந்துதானே செவ்வகம் தொடங்கும்’ என்று கை தானாக எழுதிவிடும். அப்படி எழுதினால் இடப்பக்கமாகப் பரவுவது விட்டுப்போகும். மோசம் என்னவென்றால், உல்ம் மாதிரிகள் இரண்டுக்கும் இந்தத் தவறான நிரல் சரியான விடையையே தரும். 8 என்ற செவ்வகமும் 4000 என்ற செவ்வகமும் அவற்றின் இடது ஓரத் தூணிலிருந்தே தொடங்குகின்றன. இதைப் பிடிக்க 2, 1, 2 என்ற மூன்று தூண்கள் போதும. உயரம் 1-இல் மூன்று தூண்களையும் சேர்த்தால் பரப்பு 3. பிழையான நிரல், நடுத்தூணுக்கு இடப்பக்கம் எட்டிப்பார்க்காததால், 2 என்று சொல்லும்.

மூன்றாவது பிழை நிரலில் இல்லை, எண்ணின் அளவில் இருக்கிறது. ஒரு லட்சம் தூண்களும் நூறு கோடி உயரம் என்றால் பரப்பு நூறு லட்சம் கோடி. 1-க்குப் பின் பதினான்கு சுழியம். சி++, ஜாவா போன்ற மொழிகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் 32 பிட் முழு எண்ணில் 2,147,483,647 வரைதான் அடங்கும். அதைத் தாண்டியதும் மதிப்பு குழம்பி, பல நேரங்களில் எதிர்க்குறி எண்ணாகவே காட்சி தரும். பரப்பை 64 பிட் எண்ணில் வைத்தால் சரியாகிவிடும். பெருக்குவதற்கு முன்பே அந்த அளவுக்கு மாற்ற வேண்டும், பெருக்கிய பின் மாற்றிப் பயனில்லை. பைத்தானில் எண்கள் தேவைக்கேற்ப வளர்வதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

சரி, தூண்களுக்குள் செவ்வகம் தேடி யாருக்கு என்ன பயன்? நேரடியாகத் தூண்களோடு வரும் வேலைகள் குறைவுதான். இது ஒரு படிக்கட்டு. இதை வைத்து ஏறினால் இருபரிமாணக் கேள்வி ஒன்று தீர்ந்துவிடுகிறது: கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு மனையில் சில கட்டங்களில் மரம் நிற்கிறது, ஒரு மரத்தையும் வெட்டாமல் எழுப்பக்கூடிய மிகப் பெரிய செவ்வகக் கட்டடம் எது?

மூன்று வரிசை, ஐந்து பத்தி கொண்ட சின்ன மனையை எடுத்துக்கொள்வோம். புள்ளி என்றால் காலி, X என்றால் மரம்.

```
. X . . X
. . . . .
X . . . .
```

மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறங்குவோம். ஒவ்வொரு வரிசையிலும் நின்று, அங்கிருந்து மேல்நோக்கி எத்தனை கட்டம் தொடர்ந்து காலி என்று பத்திக்குப் பத்தி எண்ணினால், அந்த எண்களே தூண்களின் உயரம். முதல் வரிசையில் 1, 0, 1, 1, 0. அதற்குள் பெரிய செவ்வகம் 2. இரண்டாம் வரிசையில் காலிக் கட்டம் எல்லாம் ஒன்று கூடி 2, 1, 2, 2, 1; பெரியது 5, அதாவது அந்த வரிசை முழுதும். மூன்றாம் வரிசையில் முதல் பத்தியில் மரம் வந்துவிட்டதால் அதன் உயரம் 0-வுக்குச் சரிகிறது. மற்றவை வளர்ந்து 0, 2, 3, 3, 2. இங்கே உயரம் 3-இல் அகலம் 2 பிடித்தால் 6; உயரம் 2-இல் அகலம் 4 பிடித்தால் 8. விடை 8: கீழ் இரண்டு வரிசைகளில், இரண்டாம் பத்தி முதல் ஐந்தாம் பத்தி வரை.

முந்தைய வரிசையின் உயரங்கள் கையில் இருப்பதால் புதிய உயரங்களை எடுக்கப் பத்திக்கு ஒரு படி போதும்: காலி என்றால் ஒன்று கூட்டு, மரம் என்றால் 0 ஆக்கு. ஆயிரம் வரிசை, ஆயிரம் பத்தி கொண்ட மனை என்றால் பத்து லட்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் அதன் வரிசையின் ஸ்டாக்கில் ஒரு முறை சேர்ந்து ஒரு முறை வெளியேறும். எந்தச் செவ்வகத்தின் அடிவிளிம்பும் ஏதாவது ஒரு வரிசையில்தான் இருக்க வேண்டும் என்பதால் எதுவும் விட்டுப்போகாது. செவ்வகம் கட்டங்களுக்கு இணையாக நிற்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கோணலாகத் திருப்பி வைத்தால் இன்னும் பெரிய கட்டடம் அடங்குமா என்ற கேள்விக்கு இந்த முறையில் இடமே இல்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. ஸ்டாக் தன் வழியில் எல்லோரையும் அனுப்பிவிடுவதால், நடை முடிந்தபின் அதனிடம் எந்த நினைவும் மிஞ்சாது. ஒரு லட்சம் தூண்களில் நடுவே ஒன்றின் உயரம் மாறிவிட்டது, புதிய விடை என்ன என்று கேட்டால், முழு நடையையும் முதலிலிருந்து நடக்க வேண்டும். ஒரே ஒரு மாற்றம் என்றால் அது ஒரு பொருட்டல்ல. சில லட்சம் படிகள்தான். ஆனால் ஒரு லட்சம் தடவை உயரங்கள் மாறிக்கொண்டே இருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் விடை வேண்டும் என்றால், சில லட்சத்தை ஒரு லட்சத்தால் பெருக்கிய கணக்காகி, முதலில் ஓடி ஒளிந்த 500 கோடியையும் தாண்டிவிடும். ‘300-ஆம் தூணுக்கும் 900-ஆம் தூணுக்கும் இடையில் மட்டும் பெரிய செவ்வகம் எது’ என்று துண்டு துண்டாகக் கேள்விகள் வந்தாலும் இதே கதைதான். அத்தகைய இடங்களில் பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் துண்டுகளின் விவரத்தைச் சேமித்துவைக்கும் மர அமைப்புகளை நாடுகிறார்கள். அவற்றை எழுதப் பத்து வரி போதாது.